நிகர நிகழ்கால மதிப்பை மனக்கணக்கால் சரிபார்த்தல்

ஒரு முதலீட்டிலிருந்து வருங்காலத்தில் கிடைக்கவிருக்கும் பணத்தை இன்றைய மதிப்புக்கு மாற்றி, அதிலிருந்து இன்று போடும் முதலைக் கழித்தால் கிடைப்பது நிகர நிகழ்கால மதிப்பு ஆகும். இன்று பெரும்பாலும் எக்செல் போன்ற விரிதாள்களில்தான் இதைக் கணக்கிடுகின்றனர். விரிதாள் கூட்டல் பெருக்கலில் தவறுவதில்லை. ஆனால் எந்தத் தொகை எந்த ஆண்டுக்குரியது, வீதம் ஆண்டுக்கா மாதத்திற்கா என்பவை அதற்குத் தெரியாது. தவறாக இட்ட கணக்கும் இரண்டு தசம இடங்களுடன் திருத்தமாகவே திரையில் தோன்றும். ஆகவே அந்த விடையைப் பார்ப்பதற்கு முன்பே, அது ஏறத்தாழ எவ்வளவு இருக்க வேண்டும் என்று மனத்தில் ஒரு மதிப்பீடு போட்டு வைத்துக்கொள்வது நல்லது. திரையில் வந்த எண்ணைப் பார்த்துவிட்டுப் போடும் மதிப்பீடு, பெரும்பாலும் அந்த எண்ணுக்கு ஏற்றாற்போல வளைந்துவிடும்.

எடுத்துக்காட்டு

ஒரு நவீன அரிசி ஆலை, கருப்பு அரிசியையும் கல்லையும் நிறம் பார்த்துப் பிரிக்கும் கலர் சார்ட்டர் இயந்திரம் ஒன்றை வாங்க எண்ணுகிறது எனக் கொள்வோம். இயந்திரத்தின் விலை 40 லட்சம் ரூபாய். கூலி மிச்சமாவதாலும் அரிசிக்குச் சற்றுக் கூடுதல் விலை கிடைப்பதாலும், செலவெல்லாம் போக ஆண்டுக்கு 10 லட்சம் மிஞ்சும். இது 7 ஆண்டுகள் நீடிக்கும். ஏழாம் ஆண்டு முடிவில் இயந்திரத்தை 5 லட்சத்திற்கு விற்கலாம். கழிவு வீதம் 12 சதவீதம். கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்கள் இவை. ஆயினும் கடன் வாங்கி இயந்திரம் போடும் ஆலைக்காரரின் முன் இருக்கும் கேள்வி இத்தகையதே.

தொகைகளை லட்சத்தில் எழுதினால் விரிதாளில் இக்கணக்கு இப்படி அமையும்:

```
A1: 12%
B2: -40
B3 முதல் B8 வரை: 10
B9: 15
=B2+NPV(A1,B3:B9)
```

B9-இல் உள்ள 15 என்பது ஏழாம் ஆண்டின் 10 லட்சமும் மறுவிற்பனை விலையான 5 லட்சமும் சேர்ந்தது. இதன் சரியான விடை 7.90 லட்சம். இந்த விடை தெரியாது என வைத்துக்கொண்டு, அதை மனக்கணக்கால் எவ்வளவு நெருங்க முடியும் என்பதைப் பார்க்கலாம்.

மதிப்பீடு போடும் முறை

முதலில் மேல் எல்லை. வட்டியே இல்லை என்று கொண்டால் ஏழாண்டு வரவு 70 லட்சம், மறுவிற்பனை 5 லட்சம், ஆக 75 லட்சம். 40 லட்சத்தைக் கழித்தால் 35 லட்சம் மிஞ்சும். முதல் முன்னே போய் வரவு பின்னே வரும் எந்த முதலீட்டிலும், வீதம் சுழியத்திற்கு மேல் இருந்தால் விடை இதைவிடக் குறைவாகவே இருக்கும். 35-க்கு மேல் ஒரு விடை வந்தால் வேறு எதையும் பார்க்கத் தேவையில்லை, கணக்கு தவறு.

அடுத்து, எத்தனை ஆண்டுகளில் பணத்தின் இன்றைய மதிப்பு பாதியாகக் குறையும் என்று காண வேண்டும். இதற்கு 72-ஐ வீதத்தால் வகுத்தால் போதும். 12 சதவீதத்திற்கு 72/12, அதாவது 6 ஆண்டுகள். இந்த விதி பழையது. இத்தாலியக் கணிதவியலாளர் லூக்கா பச்சோலி 1494-இல் அச்சான தம் நூலிலேயே இதைக் குறிப்பிடுகிறார். உண்மையான காலம் 6.12 ஆண்டுகள், வேறுபாடு மிகச் சிறியது. வீதம் 20 சதவீதத்தைத் தாண்டும்போதுதான் இவ்விதி கண்ணுக்குத் தெரியும் அளவு பிசகத் தொடங்கும்.

ஆறாம் ஆண்டு முடிவில் வரும் ஒரு ரூபாய் இன்று 50 காசு பெறும் என்றால், ஏழாம் ஆண்டு முடிவில் வரும் ரூபாய் அதை மேலும் ஒருமுறை 1.12-ஆல் வகுத்தது, அதாவது ஏறத்தாழ 45 காசு. இந்த 0.45 என்ற எண்ணைக் கொண்டே முழுக் கணக்கையும் முடித்துவிடலாம்.

ஆண்டுக்கு 10 லட்சம் முடிவே இல்லாமல் என்றென்றும் வந்தால் அதன் இன்றைய மதிப்பு 10-ஐ 0.12-ஆல் வகுத்தது, ஏறத்தாழ 83 லட்சம். 83 லட்சத்தை 12 சதவீத வட்டிக்கு விட்டால் முதல் குறையாமல் ஆண்டுதோறும் 10 லட்சம் எடுக்கலாம் என்பதே இதன் பொருள். ஆனால் இங்கு வரவு ஏழு ஆண்டுகளோடு நின்றுவிடுகிறது. எட்டாம் ஆண்டிலிருந்து வராமற்போகும் பகுதியும் அதே 83 லட்சம்தான், ஆனால் ஏழு ஆண்டுகள் தள்ளி நிற்கும் 83 லட்சம். அதன் இன்றைய மதிப்பு 83-இல் 0.45 பங்கு. மீதமுள்ள 0.55 பங்குதான் ஆலைக்குக் கிடைப்பது. 83-ஐ 0.55-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 45.7 லட்சம். மறுவிற்பனையின் 5 லட்சத்திற்கு 0.45 வீதம் 2.25 லட்சம். இரண்டும் சேர்ந்து 48 லட்சத்தை ஒட்டி வரும். 40 லட்சம் போக 8 லட்சம். தாளும் பேனாவும் இல்லாமல் உண்மையான விடைக்கு இவ்வளவு அருகில் வர முடிகிறது.

இன்னொரு வழியும் உண்டு. ஏழு ஆண்டுகளில் சமமாக வரும் வரவு முழுவதும் நடு ஆண்டான நான்காம் ஆண்டில் ஒரே தொகையாக வருகிறது எனக் கொள்வது. 1.12-ஐ 1.12-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1.25, ஆகவே இரண்டு ஆண்டுக்கு மதிப்பு 0.8 பங்காகும், நான்கு ஆண்டுக்கு 0.64 பங்காகும். 70 லட்சத்தில் 0.64 பங்கு 44.8 லட்சம். மறுவிற்பனையைச் சேர்த்து முதலைக் கழித்தால் 7 லட்சத்தைச் சற்றே தாண்டும்.

நடு ஆண்டு முறையின் விடை உண்மையைவிட எப்போதும் கொஞ்சம் தாழ்வாகவே இருக்கும். முன்கூட்டி வரும் தொகைகளால் கிடைக்கும் ஆதாயம், பிந்தி வரும் தொகைகளால் ஏற்படும் இழப்பைவிடப் பெரியது என்பதே காரணம். ஏழு ஆண்டுகளுக்கு இந்தத் தாழ்வு நூற்றுக்கு இரண்டு மூன்று அளவில் நிற்கிறது. ஆனால் இதே 10 லட்சம் 20 ஆண்டுகள் வருவதாக இருந்தால் உண்மையான மதிப்பு 74.7 லட்சமாக இருக்க, நடு ஆண்டு முறை 61 லட்சம் என்றே சொல்லும். முதல் முறையோ நீண்ட காலத்திற்கும் தாக்குப்பிடிக்கிறது: 20 ஆண்டில் மதிப்பு மூன்று முறைக்குமேல் பாதியாகி ஏறத்தாழ 0.1 ஆகும், 83-இல் 0.9 பங்கு 75. ஆகவே பத்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட திட்டங்களுக்கு நடு ஆண்டு முறையைக் கைவிடுவதே மேல்.

இங்கு இரண்டு முறைகளும் சேர்ந்து, விடை 7 லட்சத்திலிருந்து 8 லட்சத்திற்குள் இருக்க வேண்டும், அதிலும் 8-க்கு அருகில் என்று சொல்லிவிட்டன. இனி விரிதாளைத் திறக்கலாம்.

மதிப்பீட்டில் அகப்படும் தவறுகள்

திரையில் −39.17 என்று வந்தால் அந்த எண்ணே காரணத்தையும் சொல்லிவிடும். விடை ஏறத்தாழ முதலுக்கே சமமாக இருக்கிறது, அதாவது ஏழாண்டு வரவுக்கு மதிப்பே இல்லாமற் போயிருக்கிறது. A1-இல் 12% என்று இடுவதற்குப் பதிலாக வெறும் 12 என்று இட்டிருப்பர். விரிதாள் அதை 1200 சதவீதமாக எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் ஆண்டுக்கும் 13-ஆல் வகுத்துவிட்டது. வரவை மாதவாரியாக 84 வரிகளில் எழுதி, வீதத்தை மட்டும் ஆண்டுக்குரிய 12 சதவீதமாகவே விட்டுவிடுவதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த தவறு. அப்போது விடை −33 லட்சத்தை ஒட்டி வரும்.

முதலை இரண்டு முறை கழிப்பதும் உண்டு. வாய்பாட்டில் B2-ஐத் தனியாகச் சேர்த்துவிட்டு, NPV சார்புக்குள்ளும் B2:B9 என்று கொடுத்தால் விடை −32.95 ஆகும். எட்டு லட்சத்தை எதிர்பார்த்திருப்பவரின் கண்ணில் இவை எதுவும் தப்பாது.

வெற்றிடத்தால் வரும் தவறு இவற்றைவிட நயமானது. ஆலையை விரிவாக்குவதற்காக மூன்றாம் ஆண்டு முழுவதும் அரவை நிறுத்தப்படும் எனக் கொள்வோம். அந்த ஆண்டு வரவு இல்லை. கணக்கு எழுதுபவர் B5 என்ற நுண்ணறையில் 0 இடாமல் அதைக் காலியாக விடுகிறார், அல்லது கணக்குப் புத்தகத்தில் எழுதும் வழக்கப்படி ஒரு சிறு கோடு போடுகிறார். எக்செலின் NPV சார்பு தனக்குத் தரப்பட்ட வரிசையில் காலியாக உள்ளதையும் எழுத்தாக உள்ளதையும் கண்டுகொள்ளாமல் அடுத்த எண்ணுக்குப் போய்விடும். அதன் கணக்கில் அந்த ஆண்டே இல்லை. நான்காம் ஆண்டின் வரவு மூன்றாம் ஆண்டுக்கு ஏறிவிடும், ஏழாம் ஆண்டின் வரவும் மறுவிற்பனையும் ஆறாம் ஆண்டுக்கு ஏறிவிடும்.

திரையில் 3.65 லட்சம் என்று தெரியும். முன்பு 7.90 இருந்தது, ஓர் ஆண்டு வரவு போனதால் குறைந்திருக்கிறது என்று எவரும் ஏற்றுக்கொள்ளக்கூடிய எண்தான் அது. ஆனால் மனக்கணக்கு வேறு சொல்கிறது. மூன்றாம் ஆண்டில் வர வேண்டிய 10 லட்சம் இல்லை. ஆறு ஆண்டில் பாதியாகும் மதிப்பு மூன்று ஆண்டில் ஏறத்தாழ 0.7 பங்காகும். ஆகவே இழப்பு 7 லட்சம். எட்டிலிருந்து ஏழு போனால் ஒன்றுதான் மிஞ்ச வேண்டும், மூன்றரை எப்படி வரும்? B5-இல் 0 இட்டுப் பார்த்தால் விடை 0.78 லட்சமாக இறங்கிவிடும். இயந்திரத்திற்காகத் தனி மின் இணைப்புக்கு 2 லட்சம் கூடுதலாகச் செலவாகும் என்று பின்னர் தெரியவந்தால், 3.65 லட்சம் என்று நம்பியவர் துணிந்து வாங்குவார். உண்மையில் அவர் நட்டத்தில் இறங்குகிறார்.

விடை முழுவதையும் மறுபடி மதிப்பிடுவதைவிட, மாறிய பகுதியை மட்டும் மதிப்பிடுவது எவ்வளவு கூர்மையானது என்பதையும் இங்குக் காணலாம். மாற்றத்தின் மதிப்பீட்டில் ஏற்படும் பிசகு, அந்த 7 லட்சத்தின் சிறு பங்காக மட்டுமே இருக்கும்.

மதிப்பீட்டுக்குத் தப்பும் தவறு

விரிதாளில் மிகப் பரவலாகக் காணப்படும் தவறு, =NPV(A1,B2:B9) என்று முதலையும் சேர்த்து ஒரே வரிசையாகக் கொடுப்பதாகும். சார்பின் பெயரே நிகர நிகழ்கால மதிப்பு என்றிருப்பதால் எல்லாவற்றையும் உள்ளே கொடுப்பதுதான் இயல்பாகத் தோன்றும். ஆனால் எக்செல், லிபர் ஆபிஸ், கூகுள் விரிதாள் ஆகிய மூன்றிலும் இந்தச் சார்பு முதல் எண்ணை ஓராண்டு கழித்து வருவதாகவே எடுத்துக்கொள்ளும். இன்று கொடுக்கும் 40 லட்சத்தை அடுத்த ஆண்டு கொடுப்பதாகவும், மற்ற எல்லாத் தொகைகளையும் ஓராண்டு தள்ளியும் கணக்கிடும். பெயர் ஒன்றாகவும் வேலை வேறாகவும் இருப்பதால் மாணவர்கள் இதில் தொடர்ந்து வழுக்குகின்றனர், பழகியவர்களும்தான்.

அப்போது கிடைக்கும் விடை, சரியான விடையை 1.12-ஆல் வகுத்தது, அதாவது 7.05 லட்சம். மேலே நடு ஆண்டு முறையில் கிடைத்த மதிப்பீடும் 7 லட்சத்தைச் சற்றே தாண்டியதுதான். தவறான விடையை மதிப்பீடு சரி என்று கைகுலுக்கி அனுப்பிவிடும்!

இதற்குக் காரணம் உண்டு. நிகர நிகழ்கால மதிப்பு என்பது இரண்டு பெரிய எண்களின் வேறுபாடு. 48 லட்சத்தை மதிப்பிடுவதில் நூற்றுக்கு இரண்டு பிசகினால் அது ஏறத்தாழ ஒரு லட்சம். 48 லட்சத்திற்கு அது பொருட்டல்ல, ஆனால் 8 லட்சம் என்ற விடையில் அது எட்டில் ஒரு பங்கு. முதலும் வரவின் மதிப்பும் ஒன்றையொன்று நெருங்க நெருங்க இந்தப் பெருக்கம் கூடும். ஆகவே மதிப்பீட்டை வரவின் மொத்த மதிப்போடு ஒப்பிட்டுத்தான் சரி, தவறு என்று சொல்ல வேண்டும். இறுதி விடையில் இருக்கும் சிறு வேறுபாட்டைக் கொண்டு எதையும் தீர்மானிக்க இயலாது.

இத்தவறைப் பிடிக்க வேறு ஓர் எளிய சோதனை இருக்கிறது. வீதத்தை வேண்டுமென்றே அபத்தமான அளவுக்கு உயர்த்திப் பார்ப்பதே அது. A1-இல் 1000% என்று இட்டால் ஒவ்வோர் ஆண்டுக்கும் 11-ஆல் வகுக்கப்படும். வருங்கால வரவு முழுவதும் சேர்ந்து ஏறத்தாழ 1 லட்சமாகச் சுருங்கும். ஆனால் இன்று கொடுக்கும் 40 லட்சத்தை எந்த வீதமும் தொடக்கூடாது. ஆகவே சரியான கணக்கில் −39 என்று வர வேண்டும். முதலையும் வரிசைக்குள் வைத்த தவறான கணக்கிலோ −3.5 அளவில்தான் வரும், ஏனெனில் 40 லட்சமும் 11-ஆல் வகுபட்டுவிட்டது. 12 சதவீதத்தில் ஒளிந்திருந்த ஓராண்டுப் பிசகு இங்குப் பத்து மடங்குக்கு மேல் பெருகி வெளியே வந்துவிடுகிறது. சோதனை முடிந்ததும் வீதத்தைப் பழையபடி 12%-க்கு மாற்ற மறக்கக்கூடாது.

வீதத்தைச் சுழியமாக்கிப் பார்க்கும் சோதனையைப் பலரும் செய்வர். விடை 35 என்று வந்தால் எல்லாத் தொகைகளும் கணக்கில் சேர்ந்துள்ளன, குறிகள் சரியாக உள்ளன என்று தெரியும். ஆனால் காலத்தில் நேரும் தவறுகள் எதையும் அது காட்டாது. வட்டி இல்லாதபோது எந்த ஆண்டில் வந்தால் என்ன? காலி நுண்ணறையும், வரிசைக்குள் புகுந்த முதலும் சுழியச் சோதனையில் எளிதாகத் தேறிவிடும். இரண்டு சோதனைகளும் வேண்டும் என்பது இதனால்தான். மேலும், இரண்டிலும் விடை அசையாமல் நின்றால், வாய்பாடு A1-ஐப் பார்க்கவே இல்லை, யாரோ உள்ளே 12% என்று நேரடியாக எழுதிவிட்டிருக்கிறார் என்று அறியலாம்.

ஒரே ஒரு திட்டத்தை ஏற்பதா விடுவதா என்ற கேள்விக்கு இந்த ஓராண்டுத் தவறு தீங்கு செய்வதில்லை. ஒரு நேர் எண்ணை 1.12-ஆல் வகுத்தாலும் அது நேர் எண்தான். இரண்டு இயந்திரங்களை ஒப்பிடும்போது, ஒன்றின் கணக்கை ஒருவரும் மற்றதன் கணக்கை வேறொருவரும் வெவ்வேறு விதமாக எழுதியிருந்தால்தான் தேர்வு மாறிப்போகும். தேதிகளைக் கொண்டு கணக்கிடும் XNPV சார்பு முதல் தேதியின் தொகையைக் குறைப்பதில்லை என்பதால், ஒரே கோப்பில் இரண்டு சார்புகளும் கலந்திருக்கும் இடங்களிலும் இந்த வேறுபாடு தலைகாட்டும்.

மனக்கணக்கின் எல்லை

விரிதாளும் மனக்கணக்கும் ஒரே எண்ணைச் சொன்னாலும் இரண்டும் தவறாக இருக்க முடியும். இரண்டுக்கும் அடிப்படையாகக் கொண்ட எண்களே பொருந்தாமல் இருந்தால் அப்படி நேரும். இந்த எடுத்துக்காட்டிலேயே அத்தகைய ஐயம் ஒன்று உண்டு. ஆண்டுக்கு 10 லட்சம் என்ற மிச்சம் இன்றைய கூலி, இன்றைய அரிசி விலை ஆகியவற்றைக் கொண்டு கண்டது, ஏழு ஆண்டுகளுக்கும் அதையே எழுதியிருக்கிறார்கள். ஆனால் 12 சதவீதம் என்பது வங்கிக் கடன் வட்டியை ஒட்டி எடுத்தது என்றால், அதற்குள் விலைவாசி உயர்வும் அடங்கியிருக்கும். வகுக்கும் எண்ணில் விலை உயர்வு இருக்கிறது, வகுபடும் எண்ணில் இல்லை.

இதன் விளைவு எவ்வளவு என்பதை மட்டும் மனக்கணக்கு சொல்லிவிடும். கூலியும் விலையும் ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறும் என்றால், 12-இலிருந்து 5-ஐக் கழித்து 7 சதவீதத்தில் அதே 10 லட்சத்தை மதிப்பிட்டால் போதும். 10-ஐ 0.07-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 143 லட்சம். 7 சதவீதத்தில் பத்தாண்டுக்குச் சற்று மேலே மதிப்பு பாதியாகும், ஏழு ஆண்டில் ஏறத்தாழ 0.62. மீதமுள்ள 0.38 பங்கு 54 லட்சம். முன்பு கண்ட 45.7 லட்சத்தைவிட இது எட்டு லட்சத்திற்கு மேல் கூடுதல். விலை உயர்வைச் சேர்ப்பதா விடுவதா என்ற ஒரே முடிவு, மறுவிற்பனை விலையைத் தொடாமலேயே, நிகர நிகழ்கால மதிப்பை இரட்டிப்பாக்கிவிடுகிறது. எதைக் கொள்வது சரி என்பதை ஆலையின் கணக்குகளையும், வீதம் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.